ஒரு பாஸ்வேர்டு போன பாதை

அந்தப் பாஸ்வேர்டு தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பிறந்தது. சரக்குப் பெட்டக நிலையம் ஒன்று, ஊரில் சி.எஃப்.எஸ். என்பார்களே அது, தன் வாடிக்கையாளர்களுக்காக ஒரு லாகின் பக்கம் வைத்திருக்கிறது. உள்ளே போனால் எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது, டெலிவரி ஆர்டர் வந்ததா, கேட் பாஸ் போடலாமா என்று எல்லாம் தெரியும். புதுப் பாஸ்வேர்டு வைப்பவரிடம் பக்கம் நான்கு நிபந்தனைகள் கேட்டது: எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஒரு எண் வேண்டும், ஒரு குறியீடு வேண்டும். ஏஜென்ட் பையன் தயங்கவே இல்லை. ஊருக்கு முத்துநகர் என்று பெயர், சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர். `Muthunagar@123` என்று அடித்தான். நான்கு நிபந்தனைகளுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. பதினான்கு எழுத்து என்பதால் ‘மிகவும் வலுவானது’ என்று பாராட்டும் கிடைத்தது.

அந்தப் பக்கத்தைச் சோதித்துத் தரும்படி நிறுவனமே என்னிடம் எழுத்துமூலம் கேட்டிருந்தது. எழுத்தில் அனுமதி இல்லாமல் இந்த வேலையில் கை வைத்தால், நல்லெண்ணத்தோடு செய்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பெயர் வெளியே வரக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. சோதனைக்கென்று `agent01` என்ற கணக்கை ஒதுக்கினார்கள். அதன் பாஸ்வேர்டுதான் மேலே சொன்னது. லாகின் பக்கத்தைப் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒரு சொல்லின் பின்னாலேயே நடந்து போவதுதான் தோது. விரலிலிருந்து கிளம்பி அது எங்கெல்லாம் போகிறது, போன இடத்தில் எதை விட்டுவிட்டு வருகிறது என்று பார்த்தாலே பாதிச் சோதனை முடிந்துவிடும்.

முதலில், ஒரு பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் பக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நிறுவனத்திலேயே கேட்டார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 2011 முதல் 2013 வரை நடந்ததை அவர்களிடம் சொன்னேன். தென்னமெரிக்காவிலிருந்து மரமும் வாழைப்பழமும் ஏற்றி வந்த பெட்டிகளில் கொக்கைன் ஒளித்து அனுப்பிய கும்பல், ஆள் வைத்து அங்குள்ள சரக்கு நிறுவனங்களின் கணினிகளுக்குள் நுழைந்தது. பெட்டி நிற்கும் இடமும் அதை வெளியே எடுக்கத் தேவையான விவரமும் கையில் வந்தன. உண்மையான உரிமையாளரின் லாரி வருவதற்கு முன் தங்கள் லாரியை அனுப்பிப் பெட்டியைக் கொண்டு போனார்கள். முதலில் மின்னஞ்சலில் வைரஸ் அனுப்பினார்கள். அந்த வழி அடைபட்டதும் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து, தட்டச்சாகும் ஒவ்வொரு எழுத்தையும் பிடிக்கும் கருவிகளைப் பிளக் கட்டைக்குள் மறைத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆண்ட்வெர்ப் தூரம்தான். ஆனால் 2021 ஏப்ரலில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் 300 கிலோவுக்கு மேல் கொக்கைன் பிடித்தது, மரத்தடி என்று எழுதி வந்த பெட்டியில். பனாமாவில் கிளம்பிய அந்தப் பெட்டி ஆண்ட்வெர்ப், கொழும்பு வழியாகத்தான் இங்கே வந்தது. அதில் எந்த லாகினும் திருடப்பட்டதாகச் செய்தி இல்லை. பெட்டி நிற்கும் இடம் இந்த ஊரிலும் விலை போகும் தகவல்தான் என்பதற்காகச் சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இனி அந்தச் சொல்லின் பயணம். கணினித் திரையில் அடித்து நுழைந்தபோது முதல் கட்டம் ஒழுங்காகவே இருந்தது. உலாவியில் பூட்டுச் சின்னம் தெரிந்தது, வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாத குறியாக்கம் இருந்தது. சிக்கல் இன்னொரு வாசலில் கிடந்தது. கேட்டில் நிற்கும் ஊழியர்கள் போனிலேயே சட்டென்று நுழைய ஒரு சின்னப் பக்கம் பின்னாளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் பாஸ்வேர்டை முகவரியிலேயே ஒட்டி அனுப்பும்படி வைத்துவிட்டார். வழியில் அதுவும் குறியாக்கத்தோடுதான் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில், வந்த ஒவ்வொரு கோரிக்கையின் முகவரியையும் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும். அந்தப் பதிவேட்டைத் திறந்து தேடினேன்:

```
grep 'pwd=' access.log

GET /m/login.php?uname=agent01&pwd=Muthunagar%40123 HTTP/1.1
```

`@` என்பது முகவரியில் `%40` ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். இதே மாதிரி வரிகள் திரை திரையாக ஓடின. பாஸ்வேர்டுகளைக் காப்பாற்ற உள்ளே எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும், இந்தக் கோப்பைப் படிக்க முடிந்தவருக்கு ஒன்றையும் உடைக்க வேண்டிய வேலை இல்லை. கோப்பு அங்கே மட்டும் இருந்தாலாவது பரவாயில்லை. தினமும் இரவில் பேக்கப்புக்குப் போகிறது. ஊழியரின் போன் உலாவியும் அதே முகவரியை வரலாற்றில் வைத்திருக்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் இத்தகைய பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். திருட்டு நடந்தால் தடம் பிடிக்க அது தேவையான உத்தரவு. இங்கே அதுவே ஆறு மாதப் பாஸ்வேர்டுகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமாகிவிட்டது.

பதிவேட்டில் தன் பிரதியை விட்டுவிட்டு, சொல் உள்ளே நிரலிடம் போகிறது. அங்கே இருந்த வரி:

```
$sql = "SELECT * FROM users WHERE uname='$u' AND pwd='" . md5($p) . "'";
```

பயனர் அடித்த பெயரை அப்படியே வெட்டி டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைக்குள் ஒட்டுகிறது இந்த வரி. பெயர்க் கட்டத்தில் `agent01' -- ` என்று அடித்துப் பார்த்தேன். அந்த ஒற்றை மேற்கோள் பெயரை முடித்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் இரண்டு கோடுகள், ‘மீதியைப் படிக்காதே’ என்று டேட்டாபேஸிடம் சொல்கின்றன. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதி அந்த மீதியில்தான் இருக்கிறது. என்ன பாஸ்வேர்டு அடித்தாலும் கதவு திறந்தது. எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்ற இந்தக் குறை 1990களின் கடைசியிலேயே ஊரறிந்தது. இன்னும் சாகவில்லை. வைத்தியம் எளிது. கட்டளையை முதலில் தனியாகக் கொடுத்துவிட்டு, பயனர் அடித்ததை வெறும் மதிப்பாகப் பின்னால் கொடுக்க வேண்டும்:

```
$st = $db->prepare('SELECT id, pwd FROM users WHERE uname = ?');
$st->execute([$u]);
```

இப்போது மேற்கோளும் கோடும் பெயரின் எழுத்துகளாகவே நிற்கும், கட்டளையாக மாற வழியில்லை.

அடுத்து, சொல் கடைசியாகத் தங்கும் இடம். `md5` என்று மேலே இருப்பது ஹேஷ். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள ஒரு எழுத்துக் குவியலாக்கித் தரும், குவியலிலிருந்து சொல்லுக்கு நேராகத் திரும்ப வழி கிடையாது. சேமிப்பது குவியலைத்தான், சொல்லை இல்லை என்று நிறுவனத்து நிரலாளர் பெருமையாகவே காட்டினார். நான் ஒரு பாஸ்வேர்டையும் உடைக்கப் போகவில்லை. இதை மட்டும் ஓட்டச் சொன்னேன்:

```
SELECT pwd, COUNT(*) FROM users
GROUP BY pwd HAVING COUNT(*) > 1;
```

ஒரே குவியல் பல கணக்குகளில் உட்கார்ந்திருந்தது. ஒரே சொல் என்றால் ஒரே குவியல்தானே வரும். அவற்றில் மிகப் பெரிய கூட்டம், கணக்குத் திறக்கும்போது உதவி மையம் எல்லோருக்கும் கொடுத்துவந்த ஆரம்பப் பாஸ்வேர்டு. பலர் அதை மாற்றவே இல்லை. இதற்கான மருந்து 1979இலேயே ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் எழுதிவைத்தது: ஹேஷ் செய்யும் முன் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக ஒரு தாறுமாறான எண்ணைச் சேர்த்துக்கொள்வது. அதை ‘உப்பு’ என்பார்கள். பிறகு இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்தாலும் குவியல் வேறு வேறாக இருக்கும், திருடுபவன் ஒவ்வொரு கணக்கையும் தனியாக உட்கார்ந்து உடைக்க வேண்டும். 2012இல் லிங்க்டுஇன்னிலிருந்து திருடி வெளியிடப்பட்ட 65 லட்சம் ஹேஷ்களில் உப்பு கிடையாது.

உப்பு மட்டும் போதாது, வேகத்தையும் குறைக்க வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விளையாட்டுக்காக விற்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று, ஆர்.டி.எக்ஸ். 4090, வினாடிக்குச் சுமார் 16,000 கோடி `md5` முயற்சிகள் செய்யும். நம் பாஸ்வேர்டின் வார்ப்பு என்ன? ஒரு சொல், முதல் எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ, ஒரு குறியீடு, மூன்று இலக்கம். பத்து லட்சம் சொற்கள், இரண்டு வகை முதலெழுத்து, பத்துக் குறியீடுகள், ஆயிரம் எண்கள் என்று பெருக்கினால் 2,000 கோடி. அந்த அட்டைக்கு அது ஒரு வினாடி வேலைகூட இல்லை. வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி 1999இல் செய்யப்பட்ட பி-கிரிப்ட் என்ற ஹேஷை, கடினம் 12 என்ற அளவில் வைத்தால் அதே அட்டை வினாடிக்குச் சுமார் 1,400 முயற்சிதான் செய்யும். அதே 2,000 கோடிக்கு ஐந்தரை மாதம் ஆகும், அதுவும் ஒரு கணக்குக்கு.

நிரலாளர் முகம் மலர்ந்தது. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. திருடன் எல்லாவற்றையும் வரிசையாக முயல மாட்டான். `@123` என்ற வாலை இந்தியாவில் எத்தனை பேர் ஒட்டுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பத்து லட்சம் சொற்களுக்கும் அந்த ஒரு வாலை ஒட்டி முதலில் ஓட்டினால், பி-கிரிப்டையும் மீறிப் பன்னிரண்டு நிமிடத்தில் பட்டியல் முடிந்துவிடும். முத்துநகர் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்காது. ஆக, மெதுவான ஹேஷ் சுமாரான பாஸ்வேர்டைக் காப்பாற்றும், மோசமானதைக் காப்பாற்றாது. மோசமானதைப் பிறக்கும்போதே தடுக்க வேண்டும். பெரிய எழுத்து, எண், குறியீடு என்ற நிபந்தனைகள் அந்த வேலையைச் செய்யவில்லை என்பதற்கு நம் கதாநாயகனே சாட்சி. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே இந்த நிபந்தனைகளைக் கைவிடச் சொல்லி, ஏற்கெனவே வெளியான பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிடச் சொன்னது. ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளம் அதற்கு ஒரு வசதி தருகிறது. பாஸ்வேர்டை அனுப்பவே வேண்டாம். அதன் ஹேஷின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பினால், அப்படித் தொடங்கும் எல்லா ஹேஷ்களும் வரும், நாம் இங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். உலகப் பட்டியலில் நம் ஊர்ச் சொற்கள் எல்லாம் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே முத்துநகர், தூத்துக்குடி, பனிமயமாதா, மக்ரூன் என்று உள்ளூர்ப் பட்டியல் ஒன்றையும் சேர்த்தோம். கடைசியில் ஒட்டிய எண்களையும் குறியீடுகளையும் உரித்துவிட்டு ஒப்பிடும்படி செய்தோம், இல்லாவிட்டால் `@1234` என்று போட்டுத் தப்பித்துவிடுவார்கள்.

இங்கே ஒரு தமிழ்ச் சிக்கலும் குறுக்கிட்டது. நீளமான தமிழ்த் தொடரைப் பாஸ்வேர்டாக வைக்க விடலாமே என்று யோசனை வந்தது, நல்ல யோசனைதான். ஆனால் பி-கிரிப்ட் முதல் 72 பைட்டுக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘தூத்துக்குடி’ என்ற சொல் இந்தக் கணக்கில் பன்னிரண்டு குறி, 36 பைட். அதை இரண்டு முறை அடித்தால் 72 தீர்ந்துவிடுகிறது. சோதனைக் கணக்கில் ‘தூத்துக்குடிதூத்துக்குடிகடல்’ என்று வைத்துவிட்டு, கடைசியில் ‘கடல்’ என்பதற்குப் பதில் ‘உப்பு’ என்று அடித்தேன். உள்ளே விட்டது. முதலில் வேறொரு ஹேஷால் சுருக்கிவிட்டுப் பிறகு பி-கிரிப்டுக்குக் கொடுப்பது ஒரு வழி, இந்த எல்லையே இல்லாத ஆர்கான்2 என்ற புதிய ஹேஷுக்கு மாறுவது இன்னொரு வழி. அவர்கள் ஆர்கான்2 எடுத்தார்கள். இன்னொன்று: ‘கொற்கை’ என்று எழுதும்போது அந்த ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஹேஷுக்கு இரண்டும் வெவ்வேறு சொல். பாஸ்வேர்டு சரியாகத்தான் அடித்தேன், ஏற்கவில்லை என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை. ஹேஷ் செய்யும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரி நிரலால் இது தீர்ந்தது.

சரிபார்த்து முடிந்ததும் பாஸ்வேர்டின் வேலை முடிகிறது, அதன் இடத்தில் குக்கீ ஒன்று பொறுப்பேற்கிறது. லாகினுக்கு முன்பும் பின்பும் அந்தக் குக்கீயின் எண் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. எண்ணை முன்கூட்டியே ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் லாகின் செய்ததும் அதே எண்ணோடு நுழைந்துவிடலாம் என்று பொருள். `session_regenerate_id(true);` என்ற ஒரு வரியும், குக்கீயில் `HttpOnly`, `Secure` என்ற இரண்டு குறிப்புகளும் சேர்ந்தன. அதிகம் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது தவறான முயற்சிகளைப் பற்றி. இந்தப் பக்கத்தில் ஐந்து தடவை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும், மறுநாள் காலை உதவி மையம்தான் திறக்க முடியும். பாதுகாப்புப் போலத் தெரியும் இதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. பயனர் பெயர்கள் `agent01`, `agent02` என்று வரிசையாகப் போகின்றன. கூடவே, இல்லாத பெயரை அடித்தால் ‘இந்தப் பெயரில் கணக்கு இல்லை’ என்றும், இருக்கும் பெயரை அடித்தால் ‘பாஸ்வேர்டு தவறு’ என்றும் பக்கமே உளறுகிறது. கப்பலின் கட்-ஆஃப் மாலை ஆறு மணிக்கு என்றால், போட்டி ஏஜென்ட் ஐந்து மணிக்கு உங்கள் பெயரில் ஐந்து தடவை தப்பாக அடித்தால் போதும். உங்கள் சரக்கு அடுத்த கப்பலுக்குத்தான். மறுபக்கம், உண்மையான திருடனை இந்தப் பூட்டு தடுக்கவே தடுக்காது. அவன் `Muthunagar@123` என்ற ஒரே பாஸ்வேர்டை எல்லாக் கணக்கிலும் ஒவ்வொரு முறை அடித்துப் பார்ப்பான். எந்தக் கணக்கிலும் ஐந்து ஆகாது.

சரி, ஒரே இணைய முகவரியிலிருந்து அதிகம் வந்தால் தடுக்கலாம் என்றால், ஒரே கட்டடத்தில் பல ஏஜென்டுகள் ஒரே இணைப்பில் இருக்கிறார்கள். மொபைல் டேட்டாவிலோ ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கலாம். கடைசியில் வைத்தது இது: ஒருவர் முன்பு வெற்றிகரமாக நுழைந்த உலாவியில் ஒரு அடையாளக் குக்கீ இருக்கும், அந்த உலாவிக்குத் தனிக் கணக்கு. அறிமுகமில்லாத உலாவிகளுக்கு ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பு நேரம் கூடிக்கொண்டே போகும். வெளியாள் எவ்வளவு தப்பாக அடித்தாலும் ஏஜென்டின் சொந்தக் கணினி பூட்டிக்கொள்ளாது. பிழைச் செய்தியையும் இரண்டு நிலைக்கும் ஒன்றாக்கினார்கள். அதற்குப் பிறகும் கடிகாரம் காட்டிக்கொடுத்தது. இருக்கும் பெயர் என்றால் மெதுவான ஹேஷ் ஓடிப் பதில் வரக் கால் வினாடி ஆகிறது, இல்லாத பெயர் என்றால் உடனே வந்துவிடுகிறது. இல்லாத பெயருக்கும் ஒரு போலி ஹேஷை ஓட்டி அதையும் சமன்படுத்தினோம்.

லாகின் பக்கத்தை எவ்வளவு இறுக்கினாலும் பாஸ்வேர்டு வேறு வழியில் வெளியேறினால் அது நேராக முன்வாசலில் வந்து நிற்கும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் தகவல் கசிந்தபோது, நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு பறிபோனதாகத் தெரிகிறது என்று காவல்துறையே அறிவித்தது. இதனால்தான் கேட் பாஸ் போடும் இடத்தில் மட்டும் இரண்டாவதாக ஒரு ஓ.டி.பி. கேட்கும்படி பரிந்துரைத்தேன். எல்லா இடத்திலும் கேட்டால் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். முதலாளியின் போனுக்கு ஓ.டி.பி. வரும், அவர் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ஒரே கணக்கை ஆறு பேர் பயன்படுத்தும் இடத்தில் ஓ.டி.பி. அந்த ஆறு பேருக்கும்தான். அதனால் ஆளுக்கொரு துணைக்கணக்கு வேண்டும் என்பது பரிந்துரையின் மறுபாதி.

பழைய பாஸ்வேர்டுகள் பதிவேட்டிலும் பேக்கப்பிலும் கிடக்கும்வரை நிரலைத் திருத்தி மட்டும் பயனில்லை. எல்லாக் கணக்கையும் ஒரே இரவில் மாற்றச் சொல்லவும் முடியாது. எனவே இருக்கிற `md5` குவியல்களையே அன்றிரவு ஆர்கான்2வுக்குள் போட்டு மூடினார்கள், யாருடைய பாஸ்வேர்டையும் கேட்காமலே அதைச் செய்யலாம். பிறகு கப்பல் கட்-ஆஃப் இல்லாத நாளாகப் பார்த்து, எல்லோருக்கும் புதுப் பாஸ்வேர்டு வைக்கும் இணைப்பை அனுப்பினார்கள். அந்த இணைப்பிலும் ஒரு ரகசிய எண் முகவரியில்தான் போகிறது, அதையும் பதிவேடு எழுதிக்கொள்ளும். ஆகவே ஒருமுறை பயன்படுத்தியதும் செத்துவிடும்படியும், பயன்படுத்தாவிட்டாலும் 15 நிமிடத்தில் காலாவதியாகும்படியும் வைத்தார்கள்.

அறிக்கையில் ஒன்று மட்டும் இன்னும் ‘நிலுவை’ என்று நிற்கிறது. கேட்டில் மூன்று ஷிஃப்ட் ஊழியர்களுக்கும் சேர்த்து ஒரே கணக்குதான். துணைக்கணக்கு கொடுத்தால், ஷிஃப்ட் மாறும்போது லாரி வரிசை நிற்க நிற்க வெளியேறி, மறுபடி நுழைய வேண்டும் என்று கேட் மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். கைரேகை வைத்து நுழையும் கருவிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.